தகுதி இல்லாதவளிடம் தோற்றவள்

ஜூன் 3

காரத்துக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். போன் எண்ணை மாற்றிவிட்டாய். நீ மாற்றலாகிப் போன குடிநீர் நிலையத்தின் முகவரி மட்டும்தான் அலுவலகத்தில் கிடைத்தது.

பன்னிரண்டு வருடம் ஒரே ஆய்வக மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தண்ணீரைச் சோதித்தோம். எனக்குச் சொட்டு என்று பெயர் வைத்தது நீ. உனக்குக் காரம் என்று பெயர் வைத்தது இந்த நிலையம் முழுக்க. ஆய்வகத் தலைமைக்கு நம் இருவரையும் நேர்முகத்துக்கு அழைத்தார்கள், எனக்குக் கொடுத்தார்கள். அன்று ஸ்டோர் ரூமில் அமிலக் குப்பிகளுக்கு நடுவில் நின்று நீ சொன்னாய்: "வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்குக் கூலி குடுத்திருக்காங்கடி. வேலை தெரிஞ்சதுக்கு இல்ல." அடுத்த வாரமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

மூன்று மாதமாக அந்த வாக்கியத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். நீ சொன்னது சரி. எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. நான் பேசினால் மேலாளர் போனைப் பார்க்கிறார். கேன்டீனுக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. பம்ப் ஆபரேட்டர் "வாங்க மேடம்" என்று சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு. போன வாரம் பொறியாளர்களை வைத்துக் கூட்டம் போட்டார்கள், என்னைக் கூப்பிடவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, நம்மோடு இருந்தாரே கண்ணாடிக்காரர், அவர் வேறு நிலையத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இருபது வருட அனுபவஸ்தர். என் கீழே வேலை பார்க்க அவருக்குக் கூசாதா?

எந்த நிமிடம் குட்டு வெளிப்படுமோ என்று பயந்து ஒவ்வொரு அறிக்கையையும் மூன்று முறை பார்க்கிறேன். பழைய பதவிக்கே அனுப்பிவிடுங்கள் என்று விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டேன். உன்னை அழைக்கச் சொல்லியும் அதிலேயே கேட்டிருக்கிறேன். இது உன் நாற்காலி. வந்து உட்கார்.

சொட்டு

*

ஜூன் 9

சொட்டுக்கு,

படித்தேன். நின்றபடியே படித்தேன், உட்கார்ந்து படிக்கிற அளவுக்கு அதில் விஷயமில்லை.

முதலில் என் பங்கைப் பேசிவிடுவோம். நீ தகுதி இல்லாதவள் என்றால், தகுதி இல்லாதவளிடம் தோற்ற நான் யார்? அதை யோசித்தாயா? என்னைவிட நல்லவளிடம் தோற்றேன் என்றாவது நான் தலையை நிமிர்த்திக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதையும் பிடுங்கப் பார்க்கிறாய். நீ உதறிவிட்டுப் போன நாற்காலியில் நான் ஓடிவந்து உட்கார வேண்டுமாம். பழைய புடவையை வேலைக்காரிக்குக் கொடுப்பது மாதிரி. உன் தாராளத்தை நீயே வைத்துக்கொள்.

அடுத்தது உன் சாட்சியங்கள். மேலாளர் போனைப் பார்த்தாராம். அந்த மனிதர் தன் மணமேடையிலும் போனைத்தான் பார்த்திருப்பார். ஆபரேட்டர் உதட்டோரம் சிரித்தாராம். அவருக்கு ஒரு பக்கப் பல் இல்லை, பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் சிரிக்கிறார். தலைவி ஆனதும் உனக்கு அது புதிதாகத் தெரிகிறதோ? ஊரே உன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடக்கம் என்று பெயர் வைக்காதே. அது தலைக்கனம், தலைகீழாக நிற்கிறது, அவ்வளவுதான்.

நீ ஒரு வேதியியல்காரி என்பதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறதே, வெட்கம். குழாய்த் தண்ணீரில் குளோரின் அளவு தாறுமாறாக வந்தால் என்ன செய்வாய்? ஊருக்கே விஷம் என்று சங்கு ஊதுவாயா? மறுபடி தண்ணீர் எடுப்பாய். சுத்த நீரை வைத்துக் கருவி சரியா என்று பார்ப்பாய். வேறு ஒருவர் கையால் செய்யச் சொல்வாய். அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பாய். மனிதர்கள் முகத்தில் மட்டும் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறாய். தண்ணீருக்குக் கொடுக்கிற மரியாதையை மனிதர்களுக்குக் கொடு.

கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் எவை, நீயாக ஒட்ட வைத்தவை எவை, இரண்டையும் பிரி. "கூட்டத்துக்கு அழைக்கவில்லை" என்பது பார்த்தது. "நான் லாயக்கில்லை என்பதால்" என்பது உன் ஒட்டு. அந்த ஒட்டுக்குப் பதிலாக வேறென்ன காரணங்கள் பொருந்தும், யாரிடம் கேட்டால் தெரியும் என்று யோசி. யோசித்தால் போதாது, போய்க் கேள். முடிவு உனக்கு இனிப்பாகத்தான் வரும் என்று நினைக்காதே. கசப்பாகவும் வரும். சோதனை என்றால் அப்படித்தான்.

அதுவரை அந்த விண்ணப்பம் உன் பைக்குள்ளேயே கிடக்கட்டும். இதெல்லாம் உனக்காக இல்லை. என் தோல்விக்கு ஒரு மரியாதை வேண்டும், அதற்காக.

காரம்

*

ஜூன் 17

காரத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே என் வீட்டுக்காரர் "யார் செத்தா?" என்று கேட்டார். "யாரும் இல்ல, காரம் லெட்டர் போட்டிருக்கா" என்றேன். "அப்ப சரி" என்று போய்விட்டார்.

போய்க் கேட்டேன். உன்மேல் உள்ள ஆத்திரத்தில்தான் கேட்டேன். கேட்டுவிட்டு, நீ சொன்னது பொய் என்று உன் முகத்தில் வீச வேண்டும் என்றிருந்தது.

கூட்டத்தைப் பற்றி மேலாளரிடம் கேட்டேன். அவர் விழித்தார். "அது பைப் லைன் மாத்துற டெண்டர்மா. உங்களுக்கு அங்க என்ன வேலை? வரணும்னா வாங்க, மூணு மணி நேரம் கொட்டாவி விடலாம்" என்றார். போன் விஷயத்தை நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். மகளுக்குப் பிரசவ நேரமாம். பேரன் பிறந்துவிட்டான், படத்தைக் காட்டினார். ஆக, இரண்டு ஒட்டும் பிய்ந்தது. உனக்கு மகிழ்ச்சிதானே?

இரு, முடியவில்லை. கேன்டீனில் பேச்சு நின்றது என்னைப் பற்றித்தான். ஸ்டோர் பொறுப்பாளர் அம்மாவிடம் நேரே கேட்டேன். முதலில் மழுப்பினார், அப்புறம் சொல்லிவிட்டார்: "லேப் ரிப்போர்ட் முன்னெல்லாம் மதியத்துக்குள்ள வந்துரும். இப்ப மறுநாள் ஆவுது. மருந்து எவ்வளவு போடணும்னு தெரியாம பம்ப்ல இருக்கறவங்க தவிக்கறாங்க. அதைத்தான் பேசிட்டிருந்தோம்."

கண்ணாடிக்காரர் மாற்றல் கேட்டதும் என்னால்தான். என் கீழே வேலை பார்ப்பதில் அவருக்குக் கூச்சம் ஒன்றுமில்லையாம். நான் அவரை நம்பவில்லையாம். "இருபது வருஷமா என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு. இப்ப நான் முடிச்ச டெஸ்டை நீங்க திரும்ப எடுத்து வச்சுச் செய்யறீங்க. எனக்குக் கை நடுங்குதுன்னு நினைக்கறீங்களா?" என்று கேட்டார். எனக்குத்தான் நடுங்குகிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

நீ சொன்ன மாதிரியே சோதித்தேன், கசப்பாக வந்தது. நான் வந்த பிறகு ஆய்வகம் கெட்டிருக்கிறது. இது என் ஒட்டு இல்லை, இரண்டு பேர் வாயிலிருந்து வந்தது. திங்கட்கிழமை விண்ணப்பத்தைக் கொடுக்கப் போகிறேன். இனிமேல் என்ன சொல்லித் திட்டுவாய் என்று பார்க்கிறேன்.

சொட்டு

*

ஜூன் 21

சொட்டுக்கு,

திட்டுவதற்கு எனக்குப் பஞ்சமா?

அறிக்கை தாமதமாகிறது: உண்மை. கண்ணாடிக்காரருக்கு அவமானமாக இருக்கிறது: உண்மை. "ஆகவே நான் லாயக்கில்லாதவள்": இது எந்தக் குடுவையிலிருந்து வந்தது? மறுபடியும் ஒட்டிவிட்டாய். உன் கைக்குப் பசை தடவிக்கொண்டே பிறந்தாய் போலிருக்கிறது.

வேலை தெரியாததால் தாமதமா? ஒரு தப்பான முடிவு வெளியே போயிருக்கிறதா? போயிருந்தால் பத்துப் பக்கம் புலம்பியிருப்பாய். புலம்பவில்லை, ஆக இல்லை. ஒரே தண்ணீரை மூன்று தடவை சோதிப்பதால் தாமதம். பயம் தாமதத்தை உண்டாக்குகிறது. அந்தத் தாமதத்தைக் கண்டு ஊர் முணுமுணுக்கிறது. முணுமுணுப்பைக் கேட்டு நீ இன்னும் பயப்படுகிறாய், நான்காவது தடவை சோதிக்கிறாய். செக்குமாடு கூட எப்போதாவது நிற்கும்.

இருபது வருடக்காரர் ஒருவரைக் கை நடுங்குகிறதா என்று கேட்க வைத்திருக்கிறாய். நீ உன்மேல் சந்தேகப்பட்டாய். அவருக்கு அது தன்மேல் பட்ட சந்தேகமாகத் தெரிந்தது. அவருக்கு உன் மண்டைக்குள் ஜன்னலா வைத்திருக்கிறார்கள்? அவரும் உன்னை மாதிரியே ஒட்டிக்கொண்டார். நல்ல ஆய்வகம், எல்லோரும் ஆளுக்கொரு கோந்துப் புட்டியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

திருத்தக்கூடிய குற்றம் கிடைத்திருக்கிறது. அதைத் திருத்தச் சோம்பல்பட்டு, ராஜினாமா மாதிரி ஒன்றை எழுதித் தியாகி ஆகப் பார்க்கிறாய். இவ்வளவு மட்டமான தப்பிப்பை உன்னிடம் எதிர்பார்க்கவில்லை.

காரம்

*

ஜூலை 5

காரத்துக்கு,

விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை. உன் உபதேசத்தால் இல்லை. ஞாயிறு முழுவதும் மேலே மலையில் கொட்டித் தீர்த்தது. திங்கள் விடிகிறபோது ஆறு செம்மண் குழம்பாக வந்துவிட்டது.

ஆபரேட்டர் போன் செய்து அழைத்தார். நான் போனபோது படிவுத் தொட்டியில் வண்டல் இறங்கவே இல்லை. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு படிகாரம் போட்டிருந்தார்கள், அப்படியும் தண்ணீர் பால்காப்பி நிறத்தில் நின்றது. வடிகட்டிகளைத் தாண்டி வந்த நீரில் கலங்கல் ஏறிக்கொண்டே இருந்தது, அனுமதித்த அளவைத் தொட்டுவிட்டது.

கண்ணாடிக்காரரும் நானும் ஆறு குடுவைகளில் ஆற்று நீரை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு படிகாரம் போட்டுக் கலக்கி நிறுத்தினோம். எதிலும் திரளவில்லை. மழைத் தண்ணீர் கலந்து ஆற்றின் காரத்தன்மை இறங்கியிருந்தது. அது இல்லாமல் படிகாரம் எப்படித் திரளும்? இன்னும் படிகாரம் போட்டால் புளிப்புத்தான் ஏறும். இரண்டாவது சுற்றில் முதலில் சுண்ணாம்பைப் போட்டு அப்புறம் படிகாரம் போட்டோம். மூன்றாவது குடுவையில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அடியில் உட்கார்ந்தது. அந்த அளவையே தொட்டிக்குச் சொன்னேன். ஆனால் அவ்வளவு பெரிய தொட்டி தெளியப் பல மணி நேரம் பிடிக்கும். அதுவரை கலங்கிய நீர் ஊருக்குள் போகக்கூடாது என்று உள்ளே எடுக்கிற தண்ணீரைப் பாதியாக்கச் சொன்னேன். மேட்டுப் பகுதிகளில் காலை முழுவதும் குழாய் வறண்டது. போனில் ஊரே வந்து திட்டியது. மாலைக்குள் தெளிந்துவிட்டது. அதற்கப்புறம் எடுத்த சாம்பிள்கள் எல்லாம் சுத்தம்.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர் சொன்னது இது: "அடுத்த தடவை தண்ணிய நிறுத்தறதுக்கு முன்னாடி ஏரியா பொறியாளர்களுக்கு ஒரு போன் போட்டுருங்கம்மா. லாரியாவது அனுப்பியிருப்பாங்க." எல்லோர் முன்னாலும் சொன்னார். காது சூடாகி, அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. நீயாக இருந்தால் இந்தக் கதி வந்திருக்காது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான்கு மாதமாக என் மேசையில் கிடக்கிற ஒட்டுகளிலேயே பெரியது என்னுடையது இல்லை. அது உன்னுடையது. "வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்குக் கூலி." யார் சொன்னார்கள் உனக்கு? நேர்முகக் குழுவில் நீ உட்கார்ந்திருந்தாயா? யாரிடமாவது கேட்டாயா? ஒரு வார்த்தை கேட்காமல் என் தலையில் ஒட்டிவிட்டு ஊரை விட்டே ஓடினாய். என்னைத் தியாகி என்று பரிகாசம் செய்கிறாய். நீ மட்டும் என்ன, அநீதி இழைக்கப்பட்டவளாக ஊர் மாறி உட்கார்ந்திருக்கிறாய், அந்த வேடம் சொகுசாக இருக்கிறது போல. தைரியம் இருந்தால் நீயும் போய்க் கேள்.

சொட்டு

*

ஜூலை 19

சொட்டுக்கு,

கடைசிப் பத்தியில் முதல் முறையாக ஒரு மனுஷி எழுதிய மாதிரி இருந்தது. அதனால் பதில் எழுதுகிறேன்.

முதலில் வெள்ளம். காரத்தன்மை இறங்கியதைப் பிடித்தது சரி. சுண்ணாம்பு சரி. தண்ணீரைக் குறைத்ததும் சரி. மேட்டுத் தெருக்காரன் ஒரு காலை பல் தேய்க்காமல் இருந்ததற்காக முடிவு தப்பாகிவிடாது. அந்த நேரத்தில் உன் கையில் இருந்த எண்களை வைத்துத்தான் முடிவை எடைபோட வேண்டும். மேலாளர் போன் போடச் சொன்னார் என்றால் போன் போடு. அதற்கு அர்த்தம் "போன் போடு" என்பதுதான். அகராதி எடுத்துத் தேடாதே.

ஆனால் நீ எழுதாமல் விட்டதை நான் மோப்பம் பிடித்தேன். கலங்கல் ஏறுவதைப் பார்த்த நேரத்துக்கும் நீ குறைக்கச் சொன்ன நேரத்துக்கும் நடுவில் என்ன செய்தாய்? ஆபரேட்டரை அழைத்துக் கேட்டேன். ஒரு மணி நேரம் மேலாளருக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தாயாம், அவர் எடுக்கவில்லையாம். உன் முடிவோடு சேர்ந்து நிற்க ஒரு ஆள் தேடியிருக்கிறாய். அந்த ஒரு மணி நேரம் உன் உண்மையான குற்றம். அதற்கு வெட்கப்படு. மற்றதற்கெல்லாம் வெட்கப்பட்டு நேரத்தை வீணாக்காதே.

இப்போது உன் சவால். கேட்டேன். மேலாளருக்குப் போன் செய்து, என்னை ஏன் ஒதுக்கினீர்கள், என் வாய்க்குப் பயந்துதானே என்று நேராகவே கேட்டேன். ஆமாம் என்று சொல்வார், உன் முகத்தில் எறியலாம் என்று காத்திருந்தேன்.

மனிதர் சிரித்தார். "உங்க வாய்க்கு நாங்க பழகி ரொம்ப வருஷம் ஆச்சும்மா" என்றார். வேதியியல் கேள்விகளில் நான்தான் மேலே. அதை இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டேன், நீயும் இரண்டு தடவை படித்துக்கொள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்களாம், எனக்கு மறந்தே போயிருந்தது. உங்கள் கீழே வேலை செய்பவர் ஒரு சோதனையில் தப்பு செய்துவிட்டார், என்ன செய்வீர்கள்? நான் சொன்னேனாம்: "அவரை நகரச் சொல்லிட்டு நானே திரும்பச் செஞ்சுருவேன்." நீ சொன்னாயாம்: "பக்கத்துல உட்கார்ந்து, அவரையே திரும்பச் செய்யச் சொல்லி, எங்க பிசகுதுன்னு பார்ப்பேன்." குழுவில் இருந்த மூன்று பேரும் அதற்குத்தான் உன்னைத் தேர்ந்தெடுத்தார்களாம். அறிவாளிகள்.

ஆக, ஸ்டோர் ரூமில் நான் சொன்னது தப்பு. எழுதிவிட்டேன், இதற்கு மேல் எதிர்பார்க்காதே.

இனி கேள். எந்தப் பதிலுக்காக உனக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தார்களோ, அதை ஒரு நாளாவது செய்தாயா? கண்ணாடிக்காரரை நகரச் சொல்லிவிட்டு நீயே திரும்பச் செய்கிறாய். என் பதிலைச் செய்துகொண்டு உன் சம்பளத்தை வாங்குகிறாய். நீ போலி என்று நான்கு மாதமாக நிரூபிக்கத் துடித்தாயே, இந்த ஒரு இடத்தில்தான் நீ போலி. எனக்கு நான் போதும். இன்னொரு நான் அங்கே வேண்டாம். சகிக்காது.

காரம்

*

ஆகஸ்ட் 2

காரத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்று கண்ணாடிக்காரர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "என்ன மேடம், இன்னிக்கு நேர்லயே கண்காணிப்பா?" என்றார். இல்லை என்றேன். நான்கு மாதமாக நான் திரும்பச் செய்தது அவர் கையைச் சந்தேகித்து இல்லை, என் தலையெழுத்தைச் சந்தேகித்து என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "இதை முதல் மாசமே சொல்லியிருந்தா, மாற்றல் விண்ணப்பத்துக்கு நல்ல பேப்பரை வீணாக்கியிருக்க மாட்டேன்" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நீ சொன்னது உண்மை. மறுக்கவில்லை. எந்த அளவைத் தாண்டினால் யாரையும் கேட்காமல் தண்ணீரைக் குறைக்கலாம், உடனே யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று எழுதி மேலாளரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டேன். இனி அவர் போனை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான்.

இப்போது அறிக்கைகளை ஒரு முறைதான் பார்க்கிறேன். போன செவ்வாய்க்கிழமை அதுவும் இல்லை. கண்ணாடிக்காரர் கையெழுத்தோடு நேரே பம்ப் அறைக்குப் போகட்டும் என்றேன். அது மதியத்துக்கு முன்பே போயிற்று. நான் ஜன்னலோரம் நின்று, அறிக்கையைக் கொண்டுபோகிறவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாகவே இருந்தது. அந்தப் பயம் எதற்கும் ஆதாரமாகாது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பயந்தேன்.

அந்த அறிக்கையில் ஒரு தப்பு இருந்தது, காரம். சுண்ணாம்பின் அளவில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறியிருந்தது. நான் பார்த்திருந்தால் கண்டிப்பாகப் பிடித்திருப்பேன்.

அவரே பிடித்தார். தன் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பம்ப் அறைக்குப் போன் போட்டுச் சுண்ணாம்பு போடுவதை நிறுத்தச் சொன்னார். திருத்திய தாளை அனுப்பிவிட்டு நேரே என் அறைக்கு வந்தார். "ஒரு தப்பு பண்ணிட்டேன் மேடம். சரி பண்ணிட்டேன். உங்களுக்குத் தெரியணும்" என்றார். வியர்த்திருந்தது, ஆனால் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"உட்காருங்க" என்றேன். "எங்க பிசகுச்சுன்னு சேர்ந்தே பார்க்கலாம்."

சொட்டு